கேள்விக்குறி மட்டும் வந்த வியாழக்கிழமை

என் அண்ணி விஜயலட்சுமிக்கு நாற்பத்தாறு வயது. பிளஸ் டூ வரை படித்தவள். தை, மாசியில் என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், "மெசேஜ் பாக்குறேன்" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். ஊரில் எல்லோரும்தானே மெசேஜ் பார்க்கிறார்கள்.

ஆனால் அண்ணி பார்ப்பது நெல் அறுக்கும் மிஷினுக்கு வரும் மெசேஜ். திருவையாற்றுக்கு மேற்கே எங்கள் ஊரில் வைத்தியலிங்கம் என்பவரிடம் இரண்டு பெல்ட் மிஷின்கள் இருக்கின்றன. சேற்று வயலில் டயர் மிஷின் இறங்கினால் புதைந்துவிடும், பெல்ட் மிஷின் நின்று அறுக்கும். அதனால் சம்பா அறுவடை நேரத்தில் அவருக்கு வரும் போனுக்குக் கணக்கே கிடையாது. பேசிப் பேசித் தொண்டை கட்டி, மூன்று வருஷம் முன்பு பதிவுக்கென்று தனியாக ஒரு வாட்ஸ்அப் எண் வாங்கி அண்ணியிடம் கொடுத்தார். எந்த ஊர், எத்தனை மா நிலம், என்றைக்கு அறுக்க வேண்டும் என்று கேட்டு வாங்குவாள். ஊர்வாரியாகப் பிரித்து நோட்டில் எழுதுவாள். அதைப் படம் எடுத்து முதல் நாள் மாலை மிஷின் டிரைவருக்கு அனுப்பிவிடுவாள்.

நான் அனுராதா, அவள் நாத்தனார். பக்கத்து வீடு, தையல் தொழில். மிஷினில் ஊசி ஓடாத நேரத்தில் அண்ணி வீட்டில் உட்கார்ந்து அவளைக் கிண்டல் செய்வது என் பொழுதுபோக்கு. எனக்குக் கொஞ்சம் முன்கோபம் என்பார்கள். கொஞ்சம் என்று சொல்பவர்கள் என்னோடு அதிகம் பழகாதவர்கள்.

எனக்கு ஆத்திரம் வரவழைப்பது இந்தக் கேள்விக்குறிதான். பெயர் கிடையாது, ஊர் கிடையாது, ஒரு வணக்கம் கிடையாது. முன்பின் தெரியாத எண்ணிலிருந்து முதல் மெசேஜாக "?" என்று வந்து நிற்கும். அவ்வளவுதான். வாசலில் வந்து நின்று கதவைத் தட்டிவிட்டு வாயைத் திறக்காமல் நிற்கும் ஆளை என்ன செய்வது? முதல் வருஷம் அண்ணி குளிக்கப் போன நேரம் ஒருவருக்கு நானே பதில் போட்டேன். அவர் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார், நான் இரண்டு போட்டேன். அவர் மூன்று போட்டார். அண்ணி தலை துவட்டிக்கொண்டு வந்து பார்த்தபோது எங்கள் சண்டை ஏழு கேள்விக்குறியில் நின்றது. கடைசியில் அவர் பூதலூர்ப் பக்கத்து மனிதர், பத்து மா அறுக்க வேண்டியவர். நான் போட்டதைக் கேலி என்று எடுத்துக்கொண்டு வேறு மிஷினுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அண்ணி என்ன செய்கிறாள் என்று கவனித்தேன். ஒவ்வொரு கேள்விக்குறியும் ஒவ்வொரு கதையாக இருந்தது. ஒருவர் சுவரில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்துவிட்டு, இது வேலை செய்கிற எண்தானா என்று சோதிக்கப் போட்டிருப்பார். ஒருவருக்குச் சட்டைப் பையில் போன் தானாக அழுந்தியிருக்கும். வளைகுடாவில் வேலை பார்க்கும் ஒருவர் ஊரிலுள்ள வயலுக்காக நீளமாகப் பேசி அனுப்பியிருந்தார். சிக்னல் இல்லாமல் அது அவர் போனிலேயே சுற்றிக்கொண்டிருக்க, பின்னால் போட்ட கேள்விக்குறி மட்டும் முந்தி வந்து சேர்ந்தது. இன்னொருவர், மிஷின் கிளம்புகிற நேரத்தில் "எங்கே" என்று கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும் என்று வார்த்தையே இல்லாமல் கேட்டவர். ஒருவருக்கு என்ன எழுதுவது என்றே தெரியாது, எழுத்துக்கூட்ட வராது. இத்தனைக்கும் அடையாளம் அந்த ஒரே குறிதான். பார்த்தவுடன் இன்னது என்று கண்டுபிடிக்கவே முடியாது என்று அண்ணி ஒத்துக்கொண்டாள்.

கண்டுபிடிக்க முடியாததால் அவள் ஊகம் செய்வதில்லை. வணக்கம் சொல்லித் தன் பெயரைச் சொல்வாள். வந்தது கேள்விக்குறி மட்டும்தான் என்று சொல்வாள். முன்னால் எதுவும் அனுப்பியிருந்தால் அது இங்கே வரவில்லை என்பாள். என்ன வேண்டும் என்று ஒரே ஒரு கேள்வி. எழுத வராவிட்டால் பேசி அனுப்பலாம் என்று ஒரு வழி. மொத்தம் மூன்று வரி இருக்கும். முதல் பதிலிலேயே ஊர், மா, தேதி என்று அடுக்கக் கூடாது என்பாள். எனக்கு இது தேவையில்லாத தாலாட்டாகத் தெரியும். மிஷின் வேண்டும் என்றால் மிஷின் வேண்டும் என்று சொல்லட்டுமே என்பேன்.

போன வருஷம் தை கடைசியில் பழைய போன் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது. திங்கட்கிழமை வைத்தியலிங்கம் புதுப் போன் வாங்கி வந்து அதே எண்ணைப் போட்டுக் கொடுத்தார். எண் வந்தது, உள்ளே இருந்த எதுவும் வரவில்லை. பேசியதெல்லாம் எங்கேயும் சேமித்து வைக்கப்படவில்லை. பெயர்களும் பழைய போனிலேயே இருந்தன. நோட்டில் ஏற்றியது போக, கடைசிப் பத்து நாள் பதிவுகள் போனோடு போயின. அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை. "போன் மாற்றிவிட்டோம், பதிவு செய்தவர்கள் மறுபடி ஒரு தடவை சொல்லவும்" என்று ஸ்டேட்டஸ் வைத்தாள். மறுநாள் பார்த்தால் அதைப் பார்த்தவர்கள் மூன்று பேர். நான், என் அண்ணன், வைத்தியலிங்கம். புதுப் போனில் சேமித்திருந்த எண்களே அந்த மூன்றுதான். சேமிக்காத ஆளுக்கு ஸ்டேட்டஸ் போகாது என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

அப்புறம் ஒவ்வொருவராக அவர்களே கூப்பிட்டார்கள். புதன்கிழமை மாலைக்குள் நோட்டு பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது. வியாழக்கிழமைக்கு ஆற்றுக்கு அக்கரையில் கீழவெளி என்ற ஊர். அந்தப் பட்டியலில் ஏழு பேர். அண்ணி அதைப் படம் எடுத்து டிரைவர் பிரபுவுக்கு அனுப்பினாள். வெள்ளி, சனி இரண்டு நாளும் மழை என்று அறிவிப்பு வந்திருந்தது.

வியாழக்கிழமை காலை அண்ணி ரேஷன் கடைக்கு விரல் ரேகை வைக்கப் போனாள். அங்கே மிஷின் ரேகையை எடுக்காமல் அடம் பிடித்ததால் பதினொரு மணி தாண்டியும் நிற்க வேண்டியதாகிவிட்டது. போன் என்னிடம் இருந்தது. பத்து மணி பத்து நிமிஷத்துக்கு அது ஒலித்தது. பெயர் இல்லை, படம் இல்லை, வெறும் எண். உள்ளே "?".

நான் பிளவுஸுக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தேன். அண்ணி சாதாரணமாகப் பதிவு கேட்பவர்களுக்கு அனுப்புகிற வாசகம் ஒன்று போனில் தயாராக இருக்கும். அதை எடுத்து ஒட்டினேன். "வணக்கம். எந்த ஊர்? எத்தனை மா? டயரா, பெல்ட்டா? எந்தத் தேதி?" இரண்டு நீல டிக் விழுந்தது. படித்துவிட்டார்கள். அரைமணி நேரம் கழித்துப் பதில் வந்தது. "ஒன்னுமில்லைங்க."

ராங் நம்பர் என்று நினைத்துக்கொண்டு கத்தரிக்கோலை எடுத்தேன். அந்த நிமிஷத்தில் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, ஒரு கேள்விக்குறியை அரைமணியில் முடித்துவிட்டேன் என்று.

அண்ணி பதினொன்றரைக்கு வேர்த்து விறுவிறுத்து வந்தாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் போனைப் பார்த்தாள். அந்த இரண்டு வரியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஒன்னுமில்லாதவங்க இதை எழுத மாட்டாங்க அனு," என்றாள். "ராங் நம்பர்னா அப்படியே விட்ருப்பாங்க."

எனக்குப் புரியவில்லை. ஒன்றுமில்லை என்று அவர்களே சொன்ன பிறகு நாம் என்ன துருவுவது என்று கேட்டேன். அண்ணி வேறு மாதிரி கேட்டாள். நமக்கு இது முதல் மெசேஜ், அவர்களுக்கும் இதுதான் முதல் மெசேஜா? பத்து நாள் பேச்சு நம்மிடம்தான் அழிந்திருக்கிறது. அவர்கள் போனில் எல்லாம் அப்படியே இருக்கும். ஏற்கெனவே ஊரும் மாவும் தேதியும் சொல்லிவிட்டுக் காத்திருக்கும் ஒருவரிடம் போய் எந்த ஊர், எத்தனை மா என்று கேட்டால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது அபூர்வம்.

ஆனால் யார் என்று தெரியவில்லை. கீழவெளிக்காரரா, வேறு ஊரா, வேறு நாள் பதிவா, ஒன்றும் தெரியவில்லை. அல்லது நான் நினைத்தபடி நிஜமாகவே ராங் நம்பரா? அண்ணி அந்த எண்ணுக்குக் கூப்பிட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மூன்று தடவை அடித்தது. வைத்தியலிங்கத்துக்குப் போன் போட்டுக் கேட்டால் அவருக்கும் அந்த எண் தெரியவில்லை. ஒரு கேள்விக்குறிக்காக இவ்வளவா என்று அவர் சிரித்தார்.

அண்ணி பேசி அனுப்பினாள். அவள் சொன்னது எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது.

"வணக்கங்க, மிஷின் ஆபீஸ்லேர்ந்து விஜயலட்சுமி பேசுறேன். காலைல உங்ககிட்டேர்ந்து கேள்விக்குறி மட்டும்தான் வந்துச்சு. எங்க பழைய போன் கெட்டுப்போச்சுங்க, நீங்க முன்னாடி என்ன பேசியிருந்தாலும் எங்ககிட்ட அழிஞ்சுபோச்சு. அது தெரியாம நாலு கேள்வி கேட்டுட்டோம், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க போன்ல பழசு இருக்கும். மேல தள்ளிப் பாத்து, அதையே திரும்ப எனக்கு அனுப்புங்க. அனுப்பத் தெரியலைன்னா பேரை மட்டும் சொல்லுங்க, போதும்."

இரண்டு டிக் விழுந்தது, நீலம் ஆகவில்லை. பன்னிரண்டு ஆனது. பன்னிரண்டரைக்குப் பிரபு கூப்பிட்டு, கீழவெளியில் ஏழு பேர் வயலும் முடிந்தது, மிஷினை லாரியில் ஏற்றியாகிவிட்டது, திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் அடுத்த ஊருக்குப் போகிறோம் என்றான். அங்கே வேறு யாராவது வந்து கேட்டார்களா என்று அண்ணி கேட்டாள். யாரும் கேட்கவில்லையாம். வரப்பில் நாலைந்து பேர் நின்றார்கள், அவ்வளவுதான் என்றான். அண்ணிக்கு மிஷினைப் பிடித்து நிறுத்த ஒரு காரணமும் இல்லை. சரி போங்க என்றாள்.

ஒரு மணிக்கு டிக் நீலமானது. ஒன்றே காலுக்கு ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன.

முதலில் ஒரு புகைப்படம், முற்றிச் சாய்ந்த சம்பாக் கதிர். அப்புறம் ஒன்பது நாள் பழைய குரல். "நான் கீழவெளி கமலாம்பாள் பேசுறேம்மா. அஞ்சு மா குத்தகை. உள்வயலு. முன்னால சாரங்கபாணி வயலு தாண்டித்தான் மிஷினு வரணும். அவரு அறுக்குற அன்னைக்கே என்னதையும் அறுத்தாகணும்மா." கடைசியாக வந்தது ஸ்கிரீன்ஷாட். அண்ணி தன் கையாலேயே எழுதியது. "சரிங்கம்மா, எழுதிக்கிட்டேன். வியாழக்கிழமை காலைல வரப்புல நில்லுங்க. மிஷின் தானா வரும், நீங்க கேக்கவே வேணாம்."

அண்ணி கீழவெளிப் பட்டியலை எடுத்துப் பார்த்தாள், ஏழு பெயரில் அது இல்லை.

உள்வயல் என்றால் என்னவென்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சாலையிலிருந்து தனி வழி கிடையாது, அடுத்தவர் வயலில் இறங்கித்தான் போக வேண்டும். வெளிவயல்காரர் நெல் அறுக்கும் முன்பே ஈரத்தில் உளுந்து தெளித்துவிடுவார். நெல் அறுத்த அன்று மட்டும் எப்படியும் பெல்ட் ஏறி மிதிக்கப்போவதால் உள்வயல் மிஷினுக்கும் அன்றைக்கு வழி விடுவார்கள். மறுநாளிலிருந்து முளைத்த உளுந்தின் மேல் யாரும் மிஷினை விட மாட்டார்கள். கேட்பதே தப்பு. கையால் அறுக்கலாம் என்றால் ஆள் கிடையாது. சாய்ந்த கதிர் இரண்டு நாள் மழையில் நனைந்தால் வயலிலேயே முளை விட்டுவிடும். அந்த அம்மாவின் ஐந்து மாவும் அன்றைக்கு ஒரே பகலை நம்பி நின்றது, அந்தப் பகலில் பாதி போய்விட்டது.

அண்ணி பிரபுவைக் கூப்பிட்டாள். லாரி பாதி தூரம் போயிருந்தது. அவன் முடியாது என்றான், அடுத்த ஊரில் ஆள் காத்திருக்கிறது என்றான். வைத்தியலிங்கம் நாளைக்குப் பார்க்கலாம் என்றார். நாளைக்கு வழி இல்லை என்று அண்ணி சொன்னாள். பட்டியலில் பெயர் இல்லையே என்று அவர் சொன்னார். அண்ணி குரல் உயரவில்லை, ஆனால் விடவில்லை.

"எழுதிக்கிட்டேன்னு சொன்னது நான்தாங்க ஐயா. எழுதாதது நான். அந்தம்மா இல்ல. மிஷின் திரும்பலைன்னா நாளையிலேர்ந்து இந்தப் போனை வேற யார்கிட்டயாவது குடுத்துருங்க."

இத்தனை நாளில் அவர் அவளிடமிருந்து இப்படி ஒரு பேச்சைக் கேட்டதில்லை. லாரியைத் திருப்பச் சொல்கிறேன் என்றார். நான் அதற்குள் சாரங்கபாணி எண்ணைக் கண்டுபிடித்து அவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். காலையிலேயே வந்திருக்கலாமே, இப்போது மறுபடி மிதிக்கணுமா என்று முணுமுணுத்தார். தப்பு முழுக்க எங்களுடையது என்றேன். எனக்கு அந்த வாக்கியம் பழக்கமில்லை, இரண்டு தடவை தடுக்கிற்று. பொழுது சாய்வதற்குள் முடித்தால் வழி உண்டு என்றார்.

அண்ணியும் நானும் ஸ்கூட்டியில் கீழவெளி போனோம். நாங்கள் சேர்ந்தபோது மணி மூன்றரை, மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கமலாம்பாள் வரப்பில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும், மெலிந்த உடம்பு, மடியில் துணிப்பை, அதற்குள் போன். அதனால்தான் மணி அடித்தது கேட்கவில்லை. அண்ணியைப் பார்த்ததும் எழுந்தார். திட்டுவார் என்று நான் எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் எங்களைப் பார்த்து, வெயிலில் வந்திருக்கிறீர்களே, மோர் குடிக்கிறீர்களா என்று கேட்டார்.

நாலு மணிக்கு மிஷின் இறங்கியது. சாய்ந்த கதிரை அடியோடு எடுக்க வேண்டியிருந்ததால் பிரபு மெதுவாகத்தான் ஓட்டினான். போனில் முடியாது என்றபோது இருந்த எரிச்சல் அவனிடம் இல்லை. ஆறேகாலுக்குக் கடைசி வரிசை முடிந்து நெல் சாலையோரம் குவிந்தது. மேலே படுதா போர்த்தி ஓரத்தில் செங்கல் வைத்து முடிக்கும்போது முதல் தூறல் விழுந்தது.

படுதா முனையைப் பிடித்தபடியே நான் கேட்டுவிட்டேன். எனக்குக் குழப்பம் தீரவில்லை. காலையிலிருந்து கண்ணெதிரே மிஷின் ஓடுகிறது. டிரைவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், எங்களுக்குப் பேசி அனுப்பியிருக்கலாம். பேசி அனுப்பத் தெரிந்தவர்தானே. ஏன் வெறும் கேள்விக்குறி?

கமலாம்பாள் கையிலிருந்த செங்கல்லை வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"கேக்க வேணாம்னு சொல்லியிருந்தீங்க. ஒன்பது மணியாச்சு, பத்தாச்சு, எல்லா வயலுக்கும் போவுது. என் பேரு இருக்கான்னு கேக்கணும். கேட்டா, இல்லன்னு சொல்லிட்டீங்கன்னா அப்புறம் நான் எதை நம்பி நிக்கிறது? அதான் கேக்காத மாதிரி கேட்டேன்."

அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எந்த ஊர், எத்தனை மா என்று கத்தரிக்கோலும் கையுமாக நான் அனுப்பிய அந்த நாலு கேள்வியைப் படித்த நிமிஷம் அந்த அம்மாவுக்குப் பதில் கிடைத்துவிட்டது. பேர் இல்லை. அதற்குப் பிறகும் மூன்று மணி நேரம் அவர் வரப்பில் நின்றிருக்கிறார், ஒன்றுமில்லைங்க என்று எனக்கு மரியாதையாகப் பதில் எழுதிவிட்டு.